ஆயுத பூஜை அன்று யாரும் சொல்லாமல் போடும் ஸ்டேட்டஸ்: சிறு கம்பெனியில் ஊழியர்கள் மனதோடு பதிவு பகிர ஒரு வழிகாட்டி

கோவையில் 22 பேர் வேலை செய்யும் எந்திரப் பட்டறை ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் இடம். கணக்கு, டெலிவரி சலான் எல்லாவற்றோடும் சேர்த்துக் கம்பெனியின் ஃபேஸ்புக், லிங்க்ட்இன் பக்கங்களும் என் பொறுப்பு. முதல் வருடம் முழுக்க, பதிவு போட்ட கையோடு கம்பெனி வாட்ஸப் குழுவில் "எல்லாரும் ஷேர் பண்ணுங்க" என்று எழுதுவேன். நாலைந்து கட்டைவிரல் குறிகள் வரும். பகிர்வது ஒருவரோ இருவரோதான். அவர்களும் என் முகத்துக்காகச் செய்தார்கள்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கொடுத்து முடித்தோம். அன்று மாலை வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தால் முழுக்க எங்கள் பட்டறைதான். பாதிப் பேருக்கு மேல் போட்டிருந்தார்கள். நான் டிசைன் செய்து அனுப்பிய வாழ்த்து அட்டையை ஒருவர்கூடத் தொடவில்லை. ஒவ்வொருவரும் தான் ஓட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம். ஒரு லேத் ஆபரேட்டர், "எங்க ஆளு" என்று மெஷினைக் காட்டி எழுதியிருந்தார்.

பகிர ஆசையில்லாதவர்கள் என்று நான் நினைத்தவர்கள் இவர்கள்தான். தன் ஊர்க்காரர்களும் கூடப் படித்தவர்களும் பார்க்கும் இடத்தில், தன்னை மதிப்பாகக் காட்டும் எதையும் மனிதர்கள் தாமாகவே போடுகிறார்கள். கம்பெனியை மட்டும் மதிப்பாகக் காட்டுவதைப் போடச் சொன்னால் கை வராது. அதன் பிறகு நான் செய்து பார்த்து, இப்போதும் செய்துவரும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். 10 முதல் 40 பேர் வரை இருக்கும் பட்டறைக்கும் கடைக்கும் இது பொருந்தும். அதைவிடப் பெரிய இடங்களில் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது, அங்கே வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

முதலில் பழைய பதிவுகளைப் பாருங்கள்

யாரிடமும் எதுவும் கேட்பதற்கு முன்னால், கம்பெனி கடைசியாகப் போட்ட 10 பதிவுகளை வரிசையாக எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான்: நம் ஆட்களில் யாராவது ஒருவர் இதைத் தன் வீட்டில், எந்த விளக்கமும் இல்லாமல், "இத பாரு" என்று காட்டுவாரா?

எங்கள் பத்தில் நாலு பண்டிகை வாழ்த்துகள், மூன்று "தரத்தில் சமரசம் இல்லை" வகை அட்டைகள், இரண்டு புது மெஷின் படங்கள், ஒன்று ஓனர் கொடிசியா கண்காட்சியில் ஒருவரோடு கைகுலுக்கும் படம். புது மெஷின் படத்தில்கூட அதை ஓட்டப்போகிறவர் இல்லை. வீட்டில் காட்டத்தக்கது ஒன்றும் இல்லை. குறை பகிராதவர்களிடம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்தக் கேள்வியில் தேறாத பதிவைக் கம்பெனிப் பக்கத்தில் போடலாம், தவறில்லை. ஆனால் அதைப் பகிரச் சொல்லி ஊழியர்களிடம் போகாதீர்கள். ஒருமுறை ஒப்புக்காகப் பகிரவைத்தால், அடுத்த முறை நல்ல பதிவோடு போனாலும் அதே முகச்சுளிப்புதான் கிடைக்கும்.

யாருடைய போனில் யார் இருக்கிறார்கள்

அடுத்து, ஒவ்வொருவரோடும் டீ நேரத்தில் பத்து நிமிடம். எழுதிக்கொள்ள வேண்டாம், படிவம் கொடுக்க வேண்டாம். பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். இவர் எந்த இடத்தில் பதிவு போடுகிறார், அங்கே இவரைப் பார்ப்பவர்கள் யார்.

இந்த வேலையைப் பற்றிப் பேசும் பலரும் லிங்க்ட்இன்னை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். எங்கள் 22 பேரில் லிங்க்ட்இன் கணக்கைத் திறந்து பார்ப்பவர்கள் மூன்று பேர்: சேல்ஸ் பார்க்கும் தம்பி, தரப் பரிசோதனை பார்க்கும் பெண், ஓனர். மற்ற எல்லோருக்கும் வாட்ஸப் ஸ்டேட்டஸ்தான். சின்னப் பையன்கள் சிலருக்கு இன்ஸ்டாகிராம் ஸ்டோரி.

வாட்ஸப் ஸ்டேட்டஸை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அது 24 மணி நேரம்தான் நிற்கும். நம் எண்ணை அவர்களும், அவர்கள் எண்ணை நாமும் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் தெரியும். அதாவது பார்ப்பவர்கள் அத்தனை பேரும் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள். ஆபரேட்டரின் போனில் ஐ.டி.ஐ.யில் கூடப் படித்தவர்கள், முன்பு வேலை செய்த பட்டறையின் ஆட்கள், இன்னும் நாலு யூனிட்டில் மெஷினை வேலைக்குத் தயார் செய்யும் செட்டர்கள் இருப்பார்கள். பர்ச்சேஸ் பார்க்கும் அண்ணன் போனில் டூல் விற்பவர்கள், காஸ்டிங் கொடுக்கும் பவுண்டரிக்காரர்கள். எங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது எந்த விளம்பரமும் போய்ச் சேராத இடம் அந்த ஆபரேட்டரின் போன்தான்.

இப்படிப் பேசி முடித்ததும் ஒன்று தெளிவாகிவிடும். எல்லாப் பதிவையும் எல்லோரும் பகிரத் தேவையில்லை. ஒரு பதிவுக்குப் பொருத்தமானவர்கள் இரண்டு பேர், அதிகம் போனால் நாலு பேர். ஆபரேட்டர் தேவை என்ற செய்தியைக் கணக்குப் பிள்ளை பகிர்ந்து பயனில்லை. அவரைத் தொந்தரவு செய்யவும் வேண்டாம்.

இதே பேச்சில் சிலர் வேண்டாம் என்று சொல்வார்கள். எங்கள் ஸ்டோர்ஸ் பார்க்கும் அக்கா, "என் ஸ்டேட்டஸ்ல எங்க சொந்தக்காரங்க எல்லாம் இருக்காங்க, அதுல வேலை விஷயம் போட மாட்டனுங்க" என்றார். சரிங்கக்கா என்று விட்டுவிட்டேன். இன்றுவரை அவரிடம் கேட்டதில்லை. போன் அவருடையது, எண்கள் அவருடைய உறவுகள். ஸ்டேட்டஸை யார் பார்க்கலாம், யாருக்கு மறைக்கலாம் என்று வாட்ஸப்பிலேயே அமைப்பு இருக்கிறது. சிலர் ஓனருக்கு மறைத்து வைத்திருப்பார்கள். போட்டதற்கு ஸ்கிரீன்ஷாட் கேட்பது, யார் போட்டார்கள் என்று பட்டியல் வைப்பது, இரண்டும் செய்யவே கூடாதவை. கேட்ட அன்றிலிருந்து அது வேலையாகிவிடும். ஓனருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்படி ஸ்டேட்டஸ் போட்டு, மற்ற எல்லோருக்கும் மறைத்துவிடுவார்கள். நம் கண்ணுக்குப் பகிர்ந்ததுபோல இருக்கும், ஒரு ஆள்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பதிவை அவர்கள் வாயிலிருந்து எடுங்கள்

இதுதான் இந்த முறையின் முக்கியமான வேலை, நேரம் பிடிப்பதும் இதுதான். ஒரு பதிவு எப்படி உருவானது என்று முழுதாகச் சொல்கிறேன்.

கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் வி.எம்.சி. மெஷினின் ஆபரேட்டர் ஒருவர், முப்பது வயதுக்குள் இருப்பவர், பம்ப் பிராக்கெட் ஒன்றில் துளையைக் குடைந்து பெரிதாக்கும் போரிங் வேலை செய்துகொண்டிருந்தார். உள்துளையில் அலை அலையாகக் கோடு விழுந்து பீஸ்கள் ரிஜெக்ட் ஆயின. சாட்டர் என்பார்கள். டூல் அதிரும்போது வரும், காதைக் கிழிக்கும் சத்தமும் கூடவே வரும். வேகத்தை மாற்றிப் பார்த்தார், வெட்டும் முனையான இன்சர்ட்டை மாற்றிப் பார்த்தார். கடைசியில் போரிங் பார் ஹோல்டரிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்தார். 25 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் பார், 130 மி.மீ. வெளியே நின்றது. அதாவது விட்டத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல். ஸ்டீல் பாருக்கு நாலு மடங்கு வரைதான் பாதுகாப்பு, அதைத் தாண்டினால் அதிரும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. 40 மி.மீ. உள்ளே தள்ளி 90-ல் நிறுத்தினார். சத்தம் நின்றது, கோடும் போய்விட்டது.

பழைய நான் இதை எப்படிப் போட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும். பளபளக்கும் ஒரு பீஸின் படம், மேலே "துல்லியமே எங்கள் அடையாளம்". இந்த முறை அவரிடம் போய், "தம்பி, நேத்து என்ன ஆச்சு, கூட்டாளிக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டு, போனில் அவர் குரலை இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். அவர் சொன்னது: "பார் நீட்டிக்கிட்டு நின்னா கத்துமுங்க. நானும் ஸ்பீடக் கொறச்சு கொறச்சுப் பார்த்தேன், கேக்கல. அப்புறம் பார உள்ள தள்ளினேன், கம்முனு ஆயிடுச்சு."

அவ்வளவுதான், பதிவின் வாசகம் கிடைத்துவிட்டது. இருபது வினாடி வீடியோ எடுத்தோம். முதல் பத்து வினாடி அந்தக் கத்தல் சத்தம், வேண்டுமென்றே ஒரு கழிவு பீஸில் மறுபடி வரவைத்தது. அடுத்த பத்து வினாடி அமைதியாக ஓடுவது. கீழே அவர் சொன்ன வார்த்தைகள், நான் எதையும் இலக்கணப்படுத்தவில்லை. பாரின் விட்டமும், முன்பு இருந்த நீட்டமும், பின்பு வைத்த நீட்டமும் மட்டும் சேர்த்தேன்.

அதைப் பகிரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. வீடியோவை அனுப்பி, "இதைக் கம்பெனிப் பக்கத்துல போடலாமா, உங்க பேரு போடலாமா" என்று மட்டும் கேட்டேன். கம்பெனிப் பக்கத்தில் வருவதற்கு முன்னாலேயே அவர் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. அவரோடு ஐ.டி.ஐ. படித்தவர்கள், "எந்தக் கம்பெனிடா இது" என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஷிப்டில் இன்னொரு ஆபரேட்டர் என்னிடம் வந்து, மரை வெட்டும் டேப் உடைந்து துளைக்குள் சிக்கிக்கொண்டால் தான் எப்படி எடுப்பேன் என்று சொல்லட்டுமா என்றார்.

இதில் மூன்று விஷயங்கள் சேர்ந்து வேலை செய்தன. அவர் திறமை தெரிகிறது, பார்ப்பவருக்கும் பயன்படும் தகவல் இருக்கிறது, மொழி அவருடையது. மூன்றில் எது இல்லாவிட்டாலும் நடிப்புத் தெரிந்துவிடும், குறிப்பாக மொழி. "பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்" என்று அந்தத் தம்பி தன் வாழ்நாளில் சொன்னதில்லை. அவர் ஸ்டேட்டஸில் அந்த வரி இருந்தால், எழுதியது அவரில்லை என்று அவர் நண்பர்கள் அத்தனை பேருக்கும் அந்த நொடியே தெரியும்.

போடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்

பட்டறைப் படங்களில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து நிறைய. ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் திரையில் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்க்க வேண்டும். மேஜையில் வாடிக்கையாளரின் டிராயிங் விரிந்து கிடக்கும். கன்ட்ரோலர் திரையில் பார்ட் எண் ஓடும். பின்னால் உள்ள பெட்டிகளில் அவர்கள் கம்பெனிப் பெயர் ஒட்டியிருக்கும். ரகசிய ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டிருந்தால் பீஸையே காட்டக்கூடாது. அதனால் எங்கள் வீடியோக்களில் பெரும்பாலும் கழிவு பீஸ் அல்லது பீஸைப் பிடித்து நிறுத்த நாங்களே செய்த ஃபிக்ஸ்சர்தான் இருக்கும்.

பாதுகாப்பும் அதே முக்கியம். சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் கையுறை போட்ட கை, கண்ணாடி போடாத முகம், திறந்து கிடக்கும் கதவு இவற்றைத் தொழில் தெரிந்தவர்கள் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள். பகிர்ந்த ஆபரேட்டருக்குத்தான் அவமானம். எனக்கு ஒருமுறை இப்படி ஆனது. ஒரு பையன் மோதிரத்தோடு லேத்தில் நிற்பதை நான் கவனிக்காமல் அனுமதித்துவிட்டேன். அவனுடைய பழைய சீனியர் அதற்கு அனுப்பிய பதிலைப் படித்து அவன் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டான். அடுத்த ஆறு மாதம் எதற்கும் அவன் வரவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது.

முகம் வேண்டாம் என்பவர்களுக்குக் கை போதும். தரப் பரிசோதனை பார்க்கும் பெண் அப்படித்தான் கேட்டார். உள்துளை அளக்கும் போர் கேஜ் பிடித்த கையும் அளவு காட்டும் டயலும் மட்டும் எடுத்தோம். பெண்களின் படம் எங்கெல்லாம் போகும் என்ற கவலை நியாயமானது. ஏன் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

கேட்கும் விதம்

இவ்வளவு செய்த பிறகும் சில பதிவுகளுக்கு வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும். ஆள் தேவை என்ற அறிவிப்பு அப்படிப்பட்டது. அப்போது குழுவில் கேட்காமல் தனித்தனியாகக் கேளுங்கள். சிறு கம்பெனியில் ஓனர் கேட்டால் அது உத்தரவுதான், அவர் எவ்வளவு மென்மையாகக் கேட்டாலும். அதனால் ஓனர் கேட்க வேண்டாம் என்று முன்பே அவரிடம் பேசி வையுங்கள்.

நான் அனுப்பிய செய்தி ஒன்று இது: "அண்ணா, ரெண்டாவது ஷிப்டுக்கு வி.எம்.சி. செட்டர் ஒருத்தர் வேணும். உங்க பழைய கம்பெனி ஆளுங்க யாருக்காவது உதவும்னு தோணுச்சுன்னா ஸ்டேட்டஸ்ல போடுங்க. தோணலைன்னா பரவால்ல, நான் திரும்பக் கேக்க மாட்டேன். சம்பளம், பஸ் வசதி, ஓ.டி. எவ்வளவுன்னு கீழ எழுதியிருக்கேன், நீங்களே சரி பார்த்துக்கோங்க."

கடைசி வரியைக் கவனியுங்கள். ஆள் தேவை அறிவிப்பைப் பகிர்கிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். நாளை வந்து சேர்ந்தவருக்குச் சொன்ன சம்பளம் கிடைக்காவிட்டால் அவரைத்தான் திட்டுவார்கள். சம்பள அளவை எழுதாத அறிவிப்பை எங்கள் ஆட்கள் யாரும் பகிரவில்லை. எழுதிய பிறகு மூன்று பேர் போட்டார்கள். "திரும்பக் கேக்க மாட்டேன்" என்றால் உண்மையிலேயே கேட்கக் கூடாது.

பகிர்வுக்கு இவ்வளவு என்று பரிசு வைக்க வேண்டாம். ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம். எண்ணிக்கை ஏறியது, ஆனால் எல்லோரும் படிக்காமலே போட்டார்கள். பரிசை நிறுத்தியதும் முன்பு தாமாகப் போட்டவர்களும் நிறுத்திவிட்டார்கள். பழைய நிலைக்கு வர நாள் ஆனது. ஆள் சேர்ந்தால் அறிமுகம் செய்தவருக்குப் பணம் கொடுப்பது வேறு. அது பல யூனிட்டிலும் உள்ள வழக்கம், அதை வெளிப்படையாகச் செய்யலாம்.

ஒரே வாசகம் ஐந்து பேருக்கு வேண்டாம்

லிங்க்ட்இன்னில் சேல்ஸ் தம்பி கம்பெனிப் பதிவை அப்படியே மறுபதிவு செய்வதைவிட, மேலே தன் வரி ஒன்றைச் சேர்த்து மறுபதிவு செய்வது நல்லது. என்ன எழுதுவது என்று அவர் கேட்டால் வாசகம் கொடுக்காதீர்கள், கேள்வி கொடுங்கள்: "இந்த வேலைய முதல்ல பார்த்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?" சாட்டர் வீடியோவுக்கு அவர் எழுதியது, "கஸ்டமர் நாலு நாள் டெலிவரி தள்ளிப்போகும்னு என்னைத் திட்டின வாரத்தில் நடந்தது இது" என்பது. எந்த விளம்பர எழுத்தாளருக்கும் தோன்றாத வரி. எங்களிடம் புதிதாக விசாரித்த ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் அந்த வரியைத்தான் குறிப்பிட்டார்.

ஒரே நாளில் ஐந்து பேர் ஒரே வாசகத்தோடு போட்டால், அவர்களில் இருவரையாவது தெரிந்த எவருக்கும் அது கட்டளை என்று புரிந்துவிடும். ஒருவர் இன்று, இன்னொருவர் நாளை மறுநாள் என்று தானாகப் பிரியட்டும். எதுவும் எழுதத் தோன்றாதவர் எதுவும் எழுதாமல் வீடியோவை மட்டும் போடட்டும்.

இங்கே நேர்மை சார்ந்த இரண்டு விஷயங்கள். கம்பெனிப் பொருளைப் பாராட்டிப் பகிரும் ஊழியர், தான் அங்கே வேலை செய்வதை மறைக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட இன்ஃப்ளூயன்சர் விளம்பர வழிகாட்டுதல்களில், வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளில் வேலை உறவும் இடம்பெறுகிறது. "நான் வேலை செய்யற இடம்" என்ற நாலு சொல் போதும், அது பதிவை இன்னும் இயல்பாகவும் ஆக்கும். இரண்டாவது, கூகுள் மேப்பில் கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி ஊழியர்களைக் கேட்காதீர்கள். தான் வேலை செய்யும் இடத்துக்கு விமர்சனம் எழுதுவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது.

பதில் வந்தால் யார் பார்ப்பது

ஸ்டேட்டஸுக்கு வரும் பதில் கம்பெனிக்கு வராது, பகிர்ந்தவரின் சொந்த வாட்ஸப்புக்குத்தான் வரும். இதை முன்கூட்டியே யோசிக்காமல் நாங்கள் அவதிப்பட்டோம். இரவு பத்து மணிக்குச் சம்பளம் எவ்வளவு, ரூம் கிடைக்குமா என்று பதினைந்து கேள்விகள் அந்தத் தம்பிக்கு. இப்போது பதிவிலேயே என் எண்ணை இணைப்பாகக் கொடுக்கிறோம். அதைத் தொட்டால் எந்தப் பதிவைப் பார்த்து வருகிறார்கள் என்ற வார்த்தையோடு எனக்கு வாட்ஸப் திறக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Setter%20job
```

எக்ஸ் உள்ள இடத்தில் உங்கள் பத்து இலக்க எண். கடைசிப் பகுதியைப் பதிவுக்குப் பதிவு மாற்றினால், எது வேலை செய்கிறது என்று தனியாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. இதோடு, போனில் விசாரிக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்க பார்த்தீங்க" என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுகிறேன். எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எழுதுவதில்லை. செட்டர் வேலைக்கு ஏழு பேர் விசாரித்தார்கள், ஒருவர் சேர்ந்தார்.

மாதத்துக்கு இப்படி இரண்டு பதிவு போதும். அதற்கு மேல் எடுக்கப் போனால் ஆபரேட்டர்களின் வேலை நேரத்தைத் தின்ன ஆரம்பிப்பீர்கள். வீடியோ எடுப்பது ஷிப்டுக்குள் நடக்க வேண்டும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரை நிறுத்தி வைத்து எடுக்கக் கூடாது.

சில மாதங்களில் ஒருவரும் எதையும் பகிர மாட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒரு மாதம் வந்தது. ஓ.டி. பணம் இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. நான் வீடியோவோடு போய் நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் போடவில்லை. அந்த நேரத்தில் இன்னும் நல்ல வீடியோ எடுத்துப் பயனில்லை. ஓனரிடம் போய் ஓ.டி. விஷயத்தைச் சொன்னேன். பணம் வந்த பிறகும் ஒரு மாதம் எதுவும் கேட்கவில்லை.

வேலையை விட்டுப் போகிறவரிடம், அவர் இருக்கும் வீடியோவைக் கம்பெனிப் பக்கத்தில் வைத்திருக்கலாமா என்று கடைசி நாளன்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்டர் வீடியோ எடுத்த தம்பி போன வருடம் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார். "இருக்கட்டுங்க, நல்லாத்தான இருக்கு" என்றார். அது இன்னும் இருக்கிறது.